பாலமும் குச்சியும்: அழுத்தம், தொனி, பிட்ச் ஆக்சென்ட்

ஹட்டனில் சனிக்கிழமை பின்னேரம் ஜப்பான் மொழி வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். முதியோர் பராமரிப்பு, ஹோட்டல் என்று ஜப்பானில் ஏதாவது வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் வருகிறார்கள். அண்மையில் ஒரு பிள்ளை தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைக் காட்டி நாலு வரி பேசினாள். இலக்கணம் சரி, சொற்கள் சரி. ஆனால் பாலத்துக்கான "ஹஷி" அவள் வாயில் சாப்பிடும் குச்சியாகிவிட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது, டீச்சர்?" என்றாள். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான். வித்தியாசம் குரல் எங்கே இறங்குகிறது என்பதில் இருக்கிறது. அதை விளக்கப் போய், உலக மொழிகளை அழுத்த மொழி, தொனி மொழி, ஜப்பான் மொழி போல குரல் விழும் இடத்தால் சொல் மாறுகிற பிட்ச் ஆக்சென்ட் மொழி என்று மூன்றாகப் பிரிக்கிற வழக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் அன்று பேச வேண்டி வந்தது.

நமக்குப் பழக்கமான ஆங்கிலத்தில் தொடங்கலாம். "பிரெஸண்ட்" என்று முதல் அசையை அழுத்தினால் பரிசு. "பிரிஸெண்ட்" என்று இரண்டாம் அசையை அழுத்தினால் வழங்கு. அழுத்துவது என்றால் சத்தமாகச் சொல்வது மட்டும் இல்லை. அழுத்தம் விழும் அசை நீளும், அதன் உயிரொலி தெளிவாக ஒலிக்கும், பக்கத்து அசை பாதி விழுங்கப்படும். இவற்றோடு சேர்த்துத்தான் குரலும் ஏறும் அல்லது இறங்கும். இத்தனை அடையாளங்கள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை சொல்லைக் காப்பாற்றும்.

சீன மாண்டரினில் அப்படி இல்லை. "மாய்" என்று குரலைத் தாழ்த்திக் குழிவாகச் சொன்னால் வாங்கு. அதையே உயரத்தில் பிடித்துச் சரேலென்று இறக்கினால் விலைக்கு வில். கடைக்காரருக்கு இந்த இரண்டும் எவ்வளவு வேறு என்று சொல்லத் தேவையில்லை. மாண்டரினில் அநேகமாக ஒவ்வொரு அசைக்கும் நான்கு தொனிகளில் ஒன்று உண்டு, தொனி இல்லாமல் மெலிந்து வருகிற அசைகள் கொஞ்சம்தான். தொனி தூரத்து விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். பஞ்சாபியில் குதிரை, சாட்டை, தொழுநோயாளி ஆகிய மூன்று சொற்களும் ஒரே எழுத்தொலிகளோடு தொனியால் மட்டும் வேறுபடுகின்றன.

இனி ஹஷிக்கு வருவோம். டோக்கியோ வழக்கில் மூன்று ஹஷி உண்டு. குச்சி என்றால் "ஹ" மேலே, "ஷி" கீழே. பாலம் என்றால் "ஹ" கீழே, "ஷி" மேலே. ஓரம், விளிம்பு என்ற பொருளிலும் "ஹ" கீழே, "ஷி" மேலே. அப்படியானால் பாலமும் ஓரமும் ஒன்றா? தனியாகச் சொன்னால் பிரித்தறிவது கடினம். எழுவாயோடு ஒட்டுகிற "க"வை (தங்கத்தில் வரும் க) பின்னால் போட்டால் தெரிந்துவிடும். பாலத்தில் அந்த "க" கீழே விழும். ஓரத்தில் விழாது, மேலேயே நிற்கும். ஆக, சொல்லுக்குள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு விஷயம்: குரல் எந்த இடத்துக்குப் பிறகு விழுகிறது, அல்லது விழுவதே இல்லையா?

அந்த "விழுவதே இல்லை" என்பதைத்தான் நான் இந்த ஒப்பீட்டின் ஆணிவேராகப் பார்க்கிறேன். ஈரசை ஆங்கிலச் சொல்லில் முதன்மை அழுத்தத்துக்கு இரண்டு இடம்தான், எங்கேயாவது ஓரிடத்தில் விழுந்தே ஆக வேண்டும். மாண்டரின் ஈரசைச் சொல்லில் நான்கு தர நான்கு, பதினாறு சேர்க்கைகள். டோக்கியோவின் ஹஷி போன்ற சொல்லுக்கு மூன்று வாய்ப்பு: முதலாவதுக்குப் பின், இரண்டாவதுக்குப் பின், எங்குமே இல்லை. நீளம் கூடினாலும் கணக்கு அப்படியே, மூன்று மாத்திரைப் பெயர்ச்சொல்லுக்கு நான்கு வாய்ப்பு. இடத்தைக் குறிப்பதில் இது ஆங்கிலம் போல. ஆனால் ஒன்றுமே இல்லாமலும் ஒரு சொல் இருக்கலாம் என்பது அழுத்த மொழியில் நடக்காத காரியம்.

வகுப்பில் செய்து பார்த்த சோதனையைச் சொல்கிறேன். சொல்லைக் கேள்வியாக்குங்கள். "பிரெஸண்டா?" என்ற பொருளில் ஆங்கிலேயர் ஒருவர் கேட்டால் முதல் அசையில் குரல் தாழ்ந்து பிறகு ஏறும். மேலே இருந்தது கீழே போய்விட்டது, ஆனாலும் அது பரிசுதான், நீளமும் உயிரொலியும் அப்படியே இருப்பதால். குச்சி "ஹஷி"யைக் கேள்வியாக்கினால் கடைசியில் குரல் ஏறும், ஆனால் அதற்கு முன் அந்த விழுதல் நடந்தே தீரும். மாண்டரினிலும் முழு வாக்கியம் உயரத்தில் ஏறினாலும் "வில்" இறங்கத்தான் செய்யும். இந்தச் சோதனையில் ஜப்பான் மொழி தொனி மொழியின் பக்கம் சாய்கிறது.

இதனால்தான் லாரி ஹைமன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 2009ல் எழுதிய கட்டுரையில், பிட்ச் ஆக்சென்ட் என்று தனி வகை ஒன்று கிடையாது என்று வாதிட்டார். அவர் கணக்கில் தெளிவான மாதிரிகள் இரண்டுதான், அழுத்தமும் தொனியும். மற்ற மொழிகள் இரண்டிலிருந்தும் வெவ்வேறு குணங்களை எடுத்துக்கொள்கின்றன. சுவீடிஷ் மொழியில் அழுத்தமும் உண்டு, அதன் மேல் இரண்டு தொனி வடிவங்களும் உண்டு. அதையும் ஜப்பான் மொழியையும் ஒரே பெட்டியில் போட்டால் பெட்டிக்குத்தான் அர்த்தம் போகிறது. எனக்கு அவர் சொல்வது சரியாகப் படுகிறது. பெயரை வகுப்பில் வைத்துக்கொள்ளலாம், மூன்றாவது இனம் என்று நம்ப வேண்டாம்.

சரி, தமிழ் எங்கே? அழுத்தத்தால் மட்டும் வேறுபடும் இரண்டு சொல் நம்மிடம் இல்லை, தொனியால் வேறுபடுவதும் இல்லை. ஆங்கிலம் அழுத்திச் சொல்வதை நாம் "நான்தான்", "நானே" என்று ஒட்டுப் போட்டுச் சொல்கிறோம். நமக்கு உயிர் நீளம்தான் பொருளை மாற்றுகிறது: படம், பாடம். அதனால் "ஹ-வை உயர்த்து" என்றதும் எங்கள் பிள்ளைகள் "ஹாஷி" என்று நீட்டிவிடுகிறார்கள். ஜப்பான் மொழியில் அதுதான் பெரிய பிழை, அங்கேயும் நீளம் சொல்லை மாற்றும். "ஒபஸன்" என்றால் அத்தை, சித்தி மாதிரி. "ஒபாஸன்" என்றால் பாட்டி. பராமரிப்பு வேலையில் இதைத் தவறவிடக் கூடாது. நல்ல வேளை, குறில் ஒன்று, நெடில் இரண்டு என்ற மாத்திரைக் கணக்கு நமக்குத் தெரிந்ததே. ஒரு வித்தியாசம், நம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, அவர்களுடைய கடைசி "ன்"னுக்கு முழு மாத்திரை.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். விழும் இடம் பிசகினாலும் பெரும்பாலும் சூழல் காப்பாற்றும், பாலத்தின் படத்தைக் காட்டுபவரைப் பார்த்து யாரும் குச்சியைத் தேட மாட்டார்கள். அப்புறம், ஒசாகாப் பக்கம் போனால் பாலம்தான் மேலிருந்து கீழே விழும், குச்சி கீழிருந்து மேலே ஏறும், டோக்கியோவுக்கு நேர் எதிர். வேலை கிடைக்கும் ஊரைப் பொறுத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது எந்தப் புதுப் பெயர்ச்சொல்லையும் "க" சேர்க்காமல் பலகையில் எழுதுவதில்லை. அந்தப் பிள்ளை மறுவாரம் அதே படத்தோடு வந்தாள். "ஷி" மேலே நின்றது, "க" கீழே விழுந்தது.