கியூல நிக்குற போஸ்ட்டை அழிக்கிறது: டூ-வே சிங்க்கா, ஒரே ஷீட்டா?

பெங்களூர் அல்சூர்ல ஒரு ஸ்வீட் கடைக்கு நாங்க ரெண்டு பேர் சோஷியல் மீடியா பாத்துக்கறோம், மாசத்துக்கு சுமாரா 40 போஸ்ட். ஒவ்வொரு போஸ்ட்டும் மூணு இடத்துல இருக்கும்: நாங்க எழுதுற கூகுள் ஷீட், அதுல இருந்து போய் உக்காந்து குறிச்ச நேரத்துல வெளிய விடுற ஷெட்யூலர், அப்புறம் கடைக்கார அண்ணாச்சி பாத்து ஓகே சொல்ற காலண்டர். இந்த மூணும் ஒண்ணா இருக்கணும்னா என்ன வழின்னு ஒரு வருஷமா மாத்தி மாத்தி பண்ணி பாத்தாச்சு. ரெண்டு வழி தான் கடைசில நின்னுச்சு. ஒண்ணு, எங்க மாத்தினாலும் எல்லா இடத்துலயும் மாறுற டூ-வே சிங்க். இன்னொண்ணு, ஷீட் மட்டும் தான் அசல், மத்ததுக்கு அங்க இருந்து ஒரே திசைல போறது, அதுவும் நேரம் நெருங்கினப்புறம் தான் போறது. நான் ரெண்டாவது பக்கம், அதை முதல்லயே சொல்லிடறேன்.

எடிட் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. புதுசா இல்ல மாறின வரி வந்தா போஸ்ட் உருவாக்குன்னு, ஷீட்டையும் ஷெட்யூலரையும் இணைக்கிற கனெக்டர்ல போட்டு வெச்சீங்கன்னா, ஜாங்கிரி கிலோ 560-ஐ 600-ன்னு திருத்தின உடனே பழசு அப்படியே நிக்கும், புதுசும் பக்கத்துல வந்து உக்காரும், காலைல 9 மணிக்கு ரெண்டு விலையும் வெளிய போகும். இதுக்கு, ஷெட்யூலர் அந்த போஸ்ட்டுக்கு குடுக்கற நம்பரை வெக்க ஷீட்ல `remote_id`ன்னு ஒரு நெடுவரிசை போதும். அதுல நம்பர் இருந்தா அந்த போஸ்ட்டை மாத்து, காலியா இருந்தா புதுசா போடு. டூ-வே சிங்க்ல இது தானாவே நடக்கும், அந்த விஷயத்துல அது நல்லாவே இருக்கு.

ஆனா அழிக்கிறது வேற கதை. ஒரு சனிக்கிழமை ராத்திரி அண்ணாச்சி போன் பண்ணி, "தம்பி, நாளைக்கு ரெண்டாவது கடை திறக்கல, சொந்தத்துல ஒரு துக்கம், அந்த போஸ்ட்டை எடுத்துருங்க"ன்னார். நான் வெளிய இருந்தேன், போன்லயே ஷெட்யூலரைத் திறந்து அழிச்சுட்டு, "எடுத்துட்டேன் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்கு, ரெண்டு கடையிலயும் சூடா ஜிலேபின்னு அதே போஸ்ட் வெளிய வந்துடுச்சு. பூட்டின கடை வாசல்ல ஆளுங்க வந்து நின்னு அண்ணாச்சிக்கு போன் பண்ணாங்க, துக்க வீட்ல இருந்த மனுஷனுக்கு.

என்ன நடந்ததுன்னு ரன் ஹிஸ்டரில பாத்தேன். நான் அழிச்ச கொஞ்ச நேரத்துல கனெக்டர் ஓடியிருக்கு. ஷீட்ல ஒரு போஸ்ட் இருக்கு, ஷெட்யூலர்ல இல்ல, அப்போ இன்னும் போகலன்னு நினைச்சு திரும்ப உருவாக்கியிருக்கு. அதோட பார்வைல அது சரி தான். அழிச்சதுனால இல்லையா, இன்னும் வந்து சேராததுனால இல்லையான்னு வெறும் "இல்லை"ய பாத்து எந்த மெஷினும் சொல்ல முடியாது. போன தடவை ரெண்டு பக்கமும் என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கற கனெக்டர் இதைக் கண்டுபிடிக்கும். ஆனா அதுல எதிர் ஆபத்து இருக்கு. யாராவது ஷீட்ல ஒரு மாசத்து வரிகளை வேற டேபுக்கு நகர்த்தினாலோ, ஒரு தடவை பாதி வரி மட்டும் படிச்சுட்டு வந்தாலோ, மீதி எல்லாம் அழிஞ்சுடுச்சுன்னு நினைச்சு கியூவையே காலி பண்ணிடும். அதனால அந்த மாதிரி எடுத்தீங்கன்னா, ஒரே ஓட்டத்துல அஞ்சுக்கு மேல அழிக்கணும்னா நின்னு கேளுன்னு ஒரு தடுப்பு வைக்க வழி இருக்கான்னு முதல்ல பாருங்க.

சரி, ஷீட்ல வரியையே அழிச்சா, அதை வெச்சு ஷெட்யூலர்ல அழிக்கலாமேன்னு தோணும். அதையும் பாத்தேன். கூகுள் ஷீட்டோட ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல `onEdit` வரி அழியும்போது ஓடவே ஓடாது. `onChange` ஓடும், `REMOVE_ROW`ன்னு சொல்லும், ஆனா எந்த வரின்னு சொல்லாது. வரி போனதோட அதுல இருந்த `remote_id`யும் போயிடுது, அப்புறம் எதை வெச்சு தேடுறது?

அதனால இப்போ எங்க ஷீட்ல யாரும் வரியை அழிக்கிறதே இல்ல. `state` நெடுவரிசைல `cancel`னு போடுவோம், வரி அங்கயே இருக்கும். இல்லாததை அனுப்ப முடியாது, வேண்டாம்னு எழுதினதை அனுப்ப முடியும். கூகுள் காலண்டரும் உள்ள இதைத்தான் பண்ணுது, அழிச்ச நிகழ்ச்சியை சிங்க் பண்றவங்களுக்கு `cancelled`ன்னு நிலை போட்டு அனுப்புது, அதனால தான் போன்லயும் லேப்டாப்லயும் ஒழுங்கா மறையுது. 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்கிரிப்ட் ஓடும், அதுல முதல் வேலையே இது:

```
if (row.state === "cancel") {
  if (row.remote_id) removeRemote(row.remote_id);
  row.state = "cancelled";
}
```

`removeRemote` தோத்துப்போனா எர்ரர் வீசி அங்கயே நிக்கணும், அது முக்கியம். அப்போ தான் `cancel` அப்படியே இருந்து அடுத்த ஓட்டத்துல திரும்ப முயற்சி பண்ணும். அண்ணாச்சிகிட்ட "எடுத்தாச்சு"ன்னு சொல்றது `cancelled`ன்னு மாறினதைக் கண்ணால பாத்தப்புறம் தான்.

இதை விட பெரிய வித்தியாசம் எப்போ அனுப்பறோங்கறதுல இருக்கு. முன்னாடி ரெண்டு வாரத்துக்கு மொத்தமா ஷெட்யூலர்ல ஏத்திடுவோம். அப்போ ஒவ்வொரு போஸ்ட்டும் ரெண்டு காப்பியா 14 நாள் வரைக்கும் இருக்கும், அந்த 14 நாள்ல அண்ணாச்சி சொல்ற ஒவ்வொரு திருத்தமும் ரெண்டு இடத்துக்கும் பத்திரமா போய்ச் சேரணும். இப்போ 9 மணி போஸ்ட் 8:30-ல இருந்து 8:40-க்குள்ள தான் ஷீட்டை விட்டு வெளிய போகுது. ரெண்டு காப்பி இருக்கறதே அரை மணி நேரம். ராத்திரி வந்த அந்த போன் மாதிரி ஒண்ணு இப்போ வந்தா அழிக்கறதுக்கு வெளிய எதுவுமே இருக்காது, ஷீட்ல ஒரு வார்த்தை மாத்தினா முடிஞ்சுது. ரொம்பவும் கிட்ட கொண்டு போகாதீங்க, ஃபேஸ்புக் பேஜுக்கு ஏபிஐ வழியா நேரம் குறிச்சு அனுப்பணும்னா குறைஞ்சது 10 நிமிஷம் முன்னாடி அனுப்பணும், அதுக்கும் கீழ போனா ஏத்துக்காது. அந்த அரை மணி நேரத்துல வரி மஞ்சளா மாறிடும், யாரும் தொடக்கூடாது, மாத்தணும்னா `cancel` போட்டுட்டு புது வரி தான்.

இதுக்கு விலை இருக்கு. ஷெட்யூலர் காலண்டர் எப்பவும் காலியா கிடக்கும், அடுத்த வாரம் பக்கம் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ஷீட்ல இருந்து தனியா காலண்டருக்கு ஏத்தி அண்ணாச்சிக்கு காட்டணும், அதுல அவர் மாத்தினா எங்கயும் போகாது, போன்ல தான் சொல்லணும். ஸ்கிரிப்ட் நின்னா அன்னைக்கு எதுவும் போகாது. என்னைக் கேட்டா தப்பான போஸ்ட் போறதை விட போகாம இருக்கறது பரவால்ல, ஆனா நேரம் தவறவே கூடாதுங்கற வேலைக்கு இதைச் சொல்ல மாட்டேன். எட்டு பேர் அவங்கவங்க டூல்ல இருந்து எழுதுற டீம்னா ஒரே ஷீட்டுக்கு எல்லாரையும் கொண்டு வர்றது கஷ்டம், அங்க ஞாபகம் வெச்சுக்கற டூ-வே சிங்க் தேவைப்படலாம், அவ்வளவு பெரிய டீம்ல நான் வேலை பண்ணினதில்ல.

ரெண்டுல எதை எடுத்தாலும் வெளிய போனப்புறம் சிங்க் கிடையாதுன்னு வெச்சுக்கோங்க. இன்ஸ்டாகிராம்ல போன போஸ்ட்டோட கேப்ஷனை ஏபிஐ வழியா திருத்த முடியாது, ஃபேஸ்புக் பேஜ்ல ஒரு ஆப் போட்ட போஸ்ட்டை அதே ஆப் தான் திருத்த முடியும். நாங்க அதெல்லாம் போன்ல கையால பண்ணிட்டு ஷீட்ல `fixed_by_hand`ன்னு எழுதிடுவோம். தினம் காலைல 8:45-க்கு ரெண்டு பேர்ல ஒருத்தர் ஷெட்யூலரைத் திறந்து அங்க நிக்குற ஒவ்வொண்ணுக்கும் ஷீட்ல மஞ்சள் வரி இருக்கான்னு பாப்போம், இல்லாதது நின்னா 9 மணிக்குள்ள அங்கயே அழிச்சுடுவோம்.