ஒரே அளவு, இரு வகை: செவித்திறன் வரைபடத்தில் கடத்தல் குறையும் நரம்புவழிக் குறையும்

இருவரின் வலது காது வரைபடங்களை அருகருகே வைப்போம். இருவருக்கும் காற்றுவழிக் கோடு, அதாவது ஹெட்போன் வழியே அளந்து சிவப்பு வட்டங்களால் குறித்த கோடு, 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 40, 45, 50 டெசிபலில் நிற்கிறது. சராசரி 45, எனவே குறையின் அளவு இருவருக்கும் ‘மிதமானது’ என்றே எழுதப்படும். வரைபடத்தில் கீழே போகப் போகக் குறை கூடும் என்பதால், பலர் இந்தக் கோட்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள்.

வகையைச் சொல்வது எலும்புவழிக் கோடு. காதின் பின்புற எலும்பில் அதிர்வியை வைத்து அளக்கும்போது, ஒலி நடுக்காதைப் பெரும்பாலும் தவிர்த்து உட்காதை அடைகிறது. முதலாமவருக்கு இந்தக் கோடு 5, 10, 10இல் இருந்தால், உட்காது நலமாக இருக்க, தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. இரு கோடுகளுக்கும் இடையிலான 35 முதல் 40 டெசிபல் இடைவெளியே அதற்குச் சான்று. இது கடத்தல் குறை. நடுக்காதில் நீர் கோத்தவரிடம் இதைக் காணலாம். இரண்டாமவருக்கு எலும்புவழிக் கோடும் 40, 45, 45 என்று கூடவே இறங்கினால், பழுது உட்காதிலோ நரம்பிலோ உள்ளது. இது நரம்புவழிக் குறை.

முதலாமவரின் வரைபடத்தை உடனே நம்பவும் கூடாது. எலும்பில் தரும் அதிர்வு இரு உட்காதுகளையும் ஏறக்குறைய ஒன்றாகவே எட்டும். ஆகவே இடது காதுக்கு இரைச்சல் கொடுத்து மறைக்காவிட்டால், அந்த 5 டெசிபல் இடது காது சொன்ன பதிலாகவே இருக்கலாம். மறைத்து அளந்ததற்கு வலது காதில் [ என்ற குறியும், மறைக்காமல் அளந்ததற்கு < என்ற குறியும் இடப்படும்.