ரீட் அலவுட், ரிப்பீட் சென்டென்ஸ்: ஏழு மாதப் பயிற்சியில் கண்டது

கம்ப்யூட்டரில் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான பிடிஇ அகாடமிக்கை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை ஸ்பீக்கிங்கில் 54. ஏழு மாதம் கழித்து 73. இடையில் என் ஆங்கிலம் அப்படி ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. மாறியது வேகமும், நிறுத்தும் இடமும்தான்.

முதலில் நான் போன பயிற்சி மையத்தில், "நிறுத்தாமல் வேகமாகப் பேசு, கம்ப்யூட்டர் அதைத்தான் ஃப்ளூயன்சி என்று எடுத்துக்கொள்ளும்" என்றார்கள். நம்பினேன். 54 சொற்கள் உள்ள ஒரு பத்தியை 16 வினாடியில் வாசித்துவிடுவேன். அதாவது நிமிடத்துக்கு 200 சொல்லுக்கு மேல். பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. சொற்களின் கடைசி ஒலிகள் காணாமல் போயிருந்தன. பத்திக்கு இரண்டு முறையாவது நாக்கு தடுக்கி, அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லியிருந்தேன்.

அந்தத் திரும்பச் சொல்வதுதான் பெரிய இழப்பு. திரையில் வரும் பத்தியை உரக்க வாசிக்கிற ரீட் அலவுட்டில் உள்ளடக்கம், உச்சரிப்பு, சரளம் என்று மூன்றுக்குத் தனித்தனி மதிப்பெண். ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால் உள்ளடக்கத்தில் ஒரு பிழை, அதோடு முடிந்தது. திருத்தப் போனால் சரளமும் அடிபடும். அதனால் தடுக்கினால் அப்படியே மேலே போய்விடுவது என்று பழகினேன். இந்தப் பழக்கம் வரவே ஒரு மாதம் ஆனது.

அப்புறம் வேகம். அதே 54 சொற்களை 22 வினாடிக்குக் கொண்டுவந்தேன், நிமிடத்துக்கு ஏறக்குறைய 147 சொல். இதுவே எல்லோருக்கும் சரியான எண் என்று சொல்ல மாட்டேன். கடைசி ஒலிகள் கேட்கிற அளவுக்கு மெதுவாகவும், சொற்றொடர் உடையாத அளவுக்கு வேகமாகவும் எனக்கு அமைந்தது இதுதான்.

மெதுவாக வாசிக்கத் தொடங்கியதும் புதிய சிக்கல் வந்தது: சொல்லுக்குச் சொல் நின்றேன். 'தி கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் லார்ஜ் டேம்ஸ் ஹாஸ் சேஞ்ச்டு தி ஃப்ளோ ஆஃப் மெனி ரிவர்ஸ்' என்ற வாக்கியத்தில் என் குரல் 'ஆஃப்' முடிந்ததும் நின்றது, 'தி' முடிந்ததும் நின்றது. அடுத்த சொல்லைக் கண் தேடுகிற இடம் அது. நிற்க வேண்டியது 'டேம்ஸ்' முடிந்த பிறகு ஒரே இடத்தில்தான், அதுவும் மூச்சு விடுகிற அளவுக்குக்கூட இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவைத் திறந்தால் அலைவடிவத்தில் இது கண்ணுக்கே தெரியும். வெற்றிடம் சொற்றொடர் முடிவில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். காற்புள்ளியில் கால் வினாடி, முற்றுப்புள்ளியில் அரை வினாடி என்று வைத்துக்கொண்டேன். காற்புள்ளியில் குரலைத் தாழ்த்த மாட்டேன், முற்றுப்புள்ளியில் மட்டும் தாழ்த்துவேன். மூன்று வினாடிக்கு மேல் மௌனமாக இருந்தால் பதிவு தானாக நின்றுவிடும். அதனால் மைக் திறந்ததற்கான பீப் ஒலி முடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். தயாரிப்புக்குத் தருகிற 30 முதல் 40 வினாடியில் மனதுக்குள் படிப்பதைவிட, வாயசைத்து முணுமுணுத்து நிறுத்தங்களைப் பிடித்து வைப்பது எனக்கு உதவியது.

நம் வாய்க்கே உரிய ஒரு பழக்கமும் உண்டு. நிறுத்தத்துக்கு முன்னால் வரும் சொல்லோடு ஒரு 'உ' ஒட்டிக்கொள்ளும்: புக்கு, பேங்க்கு. வேகமாக வாசித்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை. நிதானமான பதிவில்தான் பிடிபட்டது.

ரிப்பீட் சென்டென்ஸ் வேறு மாதிரி, காதில் கேட்ட வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். ஒலி 3 முதல் 9 வினாடி, பதில் சொல்ல 15 வினாடி. இதில் பீப் ஒலி கிடையாது, மைக் திறந்ததும் பேச வேண்டும். முதலில் சொற்களின் முதல் எழுத்துகளைக் குறித்துப் பார்த்தேன். எழுதுகிற நேரத்தில் காது மூடிக்கொண்டது, இரண்டே வாரத்தில் விட்டுவிட்டேன். பிறகு, பேசுபவர் எங்கே லேசாக நிறுத்துகிறாரோ அங்கே வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பிடித்தேன்.

'தி லைப்ரரி வில் பி க்ளோஸ்ட் ஃபார் தி விண்டர் பிரேக், பட் ஆன்லைன் ரிசோர்சஸ் வில் ரிமெய்ன் அவைலபிள்' என்பதில் 15 சொற்கள். இரண்டாம் பாதி மறந்துபோனாலும் முதல் 9 சொற்களை வரிசை மாறாமல் சொன்னால் பாதிக்கு மேல் வந்துவிடும். உள்ளடக்கத்தில் மூன்றுக்கு இரண்டு. மறந்ததைத் தேடி 'லைப்ரரி... க்ளோஸ்ட்... அவைலபிள்' என்று இழுத்தால் மூன்றுக்கு ஒரு மதிப்பெண்தான், சரளமும் போகும். எனவே நினைவில் இருப்பதை ஒரே ஓட்டமாகச் சொல்லி நிறுத்திவிடுவேன்.

பயிற்சித் தளங்கள் தந்த மதிப்பெண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே பதிவுக்கு இரண்டு தளங்களில் இரண்டு விதமாக வந்தது. உண்மைத் தேர்வின் அறிக்கையிலும் எந்தக் கேள்வியில் எவ்வளவு என்று தெரியாது. அதனால் 54-லிருந்து 73-க்கு வந்ததில் எந்தப் பணியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், முன்பு நடுவில் இருந்த வெற்றிடங்கள் இப்போது சொற்றொடர் முடிவில் இருக்கின்றன, அவ்வளவுதான்.