புரோக்கர் ரிப்போர்ட்டா, சொந்தக் கணக்கா? பங்கு, கிரிப்டோ வரித் தாக்கலுக்கு எது கைகொடுக்கும்

பங்கும் கொஞ்சம் கிரிப்டோவும் வைத்திருப்பவர் ஜூலை மாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்காரும்போது மூன்று வழிகள் இருக்கின்றன. பங்கு புரோக்கரும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் ஆண்டு முடிவில் தரும் லாப நட்ட ரிப்போர்ட்டை அப்படியே எடுத்துப் போடலாம். எல்லாக் கணக்குகளையும் இணைத்துக் கூட்டித் தரும் கட்டண மென்பொருளை வாங்கலாம். இல்லையென்றால் வாங்கியது, விற்றது, மாற்றியது எல்லாவற்றையும் நாமே ஒரு எக்செல் தாளில் எழுதி வைக்கலாம். நான் மூன்றாவதில் இருக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

எளிதான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ரிப்போர்ட் இலவசம், நேரம் மிச்சம். மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும், ஆனால் நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகளை நிமிடத்தில் கூட்டிவிடும். எக்செல்லுக்குப் பொறுமை வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி. வாங்கிய விலையும் வாங்கிய தேதியும் யாரிடம் இருக்கின்றன? விற்ற விலை வருமான வரித் துறைக்கு எப்படியும் தெரிந்துவிடுகிறது. நம்மைப் பற்றி அந்தத் துறை திரட்டித் தரும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸைத் திறந்தால் பங்கு விற்பனை அங்கே இருக்கும். கிரிப்டோ விற்றால் 1% டிடிஎஸ் பிடித்த தகவல் இருக்கும். ஆனால் வாங்கிய விலைக்கு அங்கே உள்ள எண் பல நேரம் வெறும் மதிப்பீடுதான், சில சமயம் காலியாகவே இருக்கும். நம் டீமேட் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரி அனுப்பும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட்டில் எத்தனை பங்கு வந்தது, போனது என்று இருக்கும், என்ன விலைக்கு வாங்கினோம் என்பது இருக்காது. அது நாம் வாங்கிய புரோக்கருக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். புரோக்கரை மாற்றிவிட்டால் நமக்கு மட்டும்தான்.

இதை ரிலையன்ஸ் பங்கை வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் நம்மில் பலரிடம் அது இருக்கிறது. 2021இல் ஒருவர் 100 பங்குகளை 2,000 ரூபாய் வீதம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 2 லட்சம். 2023 ஜூலையில் ஜியோ ஃபைனான்ஷியல் தனியாகப் பிரிந்தது. ஒரு ரிலையன்ஸ் பங்குக்கு ஒரு ஜியோ ஃபைனான்ஷியல் பங்கு இலவசமாக வந்ததுபோல் தெரியும், வரிக் கணக்கில் அது இலவசம் அல்ல. பழைய செலவில் 4.68% புதிய பங்குக்குப் போகும், 95.32% ரிலையன்ஸிலேயே நிற்கும். அதாவது 9,360 ரூபாய் ஜியோ ஃபைனான்ஷியலின் வாங்கிய விலை, 1,90,640 ரூபாய் ரிலையன்ஸின் வாங்கிய விலை. அடுத்து 2024 அக்டோபர் கடைசியில் ஒன்றுக்கு ஒன்று போனஸ். இப்போது கையில் 200 பங்குகள். ஆப்பில் பார்த்தால் சராசரி விலை 953 ரூபாய் 20 பைசா என்று அழகாகக் காட்டும்.

வரிச் சட்டம் இந்தச் சராசரியை ஏற்காது. டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்குதான் முதலில் விற்றதாகக் கணக்கு. போனஸ் பங்கின் வாங்கிய விலை பூஜ்யம், அதன் தேதி போனஸ் ஒதுக்கப்பட்ட தேதி. எனவே இவர் 2025 மே மாதத்தில் 100 பங்குகளை 1,300 ரூபாய்க்கு விற்றிருந்தால், விற்றது 2021இல் வாங்கிய 100. கிடைத்தது 1,30,000, செலவு 1,90,640. நீண்ட கால நட்டம் 60,640 ரூபாய். ஆப்போ அதே விற்பனைக்கு 34,680 ரூபாய் லாபம் காட்டும்.

நீண்ட கால லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லையே, 34,680 என்று போட்டால்தான் என்ன என்று கேட்கலாம். அந்த வருடம் ஒன்றும் ஆகாதுதான். சிக்கல் அடுத்த வருடம் வரும். மீதி 100 போனஸ் பங்குகளை அடுத்த நிதியாண்டில் 1,500க்கு விற்றால், வாங்கிய விலை பூஜ்யம் என்பதால் முழு 1,50,000 ரூபாயும் லாபம். முந்தைய ஆண்டின் 60,640 நட்டத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்து காட்டியிருந்தால், அதைக் கழித்து லாபம் 89,360 ஆகும். வேறு நீண்ட கால லாபம் இல்லையென்றால் வரியே இல்லை. காட்டவில்லை என்றால் 25,000 ரூபாய்க்கு 12.5% வரி, அதற்கு மேல் செஸ். தொகை சின்னதுதான். இதே பிசகு 1,000 பங்குகளில் நடந்தால் சின்னதாக இருக்காது.

ரிப்போர்ட்டுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்திலிருந்து ஒரே புரோக்கரிடம் இருந்திருந்தால், அவர்கள் தரும் வரி ரிப்போர்ட் பெரும்பாலும் இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கும். அது வேறு, ஆப்பின் முகப்பில் தெரியும் சராசரி வேறு. நடுவில் தரகுக் கட்டணம் குறைவு என்று இன்னொரு புரோக்கருக்குப் பங்குகளை மாற்றினால்தான் வண்டி தடம் புரளும். புதிய புரோக்கரின் கண்ணுக்கு ஒரே நாளில் 200 பங்குகள் வந்து இறங்குகின்றன, அவ்வளவே. எது 2021, எது போனஸ் என்று அவருக்குத் தெரியாது. வாங்கிய விலையை நீங்களே நிரப்புங்கள் என்று ஒரு கட்டம் காட்டுவார். ஆப்பில் பார்த்த சராசரியைத்தான் பலரும் அதில் தட்டுகிறார்கள். அதன் பிறகு அந்த ரிப்போர்ட் எவ்வளவு துல்லியமாகக் கூட்டினாலும் பயனில்லை. பழைய கணக்கை மூடிய கையோடு லாகினும் போய்விடும், ஆக ஒவ்வொரு வாங்கலுக்கும் விலையோடு புரோக்கர் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டுகளை அதற்கு முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

கிரிப்டோவில் இதே சிக்கல் இன்னும் கூர்மையானது, ஏனென்றால் அங்கே 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு நேராக 30% வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. அந்த ஒரே கழிவையும் நிரூபிக்க முடியாமல் போனால் என்ன ஆகும்?

ஒருவர் ஒரு எக்ஸ்சேஞ்சில் 60,000 ரூபாய்க்கு 0.02 பிட்காயின் வாங்குகிறார். அதைத் தன் சொந்த வாலட்டுக்கு எடுத்து வைக்கிறார். சில வருடம் கழித்து வேறொரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி 1,60,000 ரூபாய்க்கு விற்கிறார். தன்னுடைய ஒரு இடத்திலிருந்து தன்னுடைய இன்னொரு இடத்துக்கு மாற்றியது விற்பனை அல்ல, அதற்கு வரி கிடையாது. ஆனால் இரண்டாவது எக்ஸ்சேஞ்சின் ரிப்போர்ட்டில் வாங்கிய விலை பூஜ்யம் என்று வரும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அந்தக் காயின் அவர்களிடம் வாங்கப்படவில்லை. ரிப்போர்ட்டை நம்பினால் 1,60,000க்கு 30%, செஸ் சேர்த்து 49,920 ரூபாய். உண்மையான லாபம் 1,00,000க்கு 31,200 ரூபாய். ஒரு பழைய பில் இல்லாததற்கு 18,720 ரூபாய் கூடுதல். முதல் எக்ஸ்சேஞ்ச் இப்போதும் இயங்குகிறதா என்பது வேறு கேள்வி. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பரிவர்த்தனையை நிறுத்தியதைப் பார்த்த பிறகு, ரிப்போர்ட் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை.

கிரிப்டோ ரிப்போர்ட்டின் கீழே வரும் நிகர லாபத்தையும் நம்ப வேண்டாம். ஒரு காயினில் 50,000 லாபம், இன்னொன்றில் 40,000 நட்டம் என்றால் நிகரம் 10,000. வரி 50,000க்குத்தான், நட்டத்தை எதிலும் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் முதல் காயினை விற்றதாகவே கணக்கு. ரூபாயே கைக்கு வராத அந்த நொடியின் ரூபாய் மதிப்பை அன்றே குறித்தால்தான் உண்டு. ரிட்டர்ன் படிவத்தில் கிரிப்டோவுக்கான அட்டவணை வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை என்று ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியாகக் கேட்கிறது. மொத்தமாக ஒரு வரி எழுதித் தப்பிக்க இடமில்லை.

என் எக்செல் தாள் ஒன்றும் பிரமாதமானது இல்லை. தேதி, பெயர், எண்ணிக்கை, ரூபாய் விலை, தரகு, எந்தக் கணக்கு அல்லது வாலட், பரிவர்த்தனை எண், குறிப்பு. பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடியைத் தனி நெடுவரிசையில் வைக்கிறேன், காரணம் பங்குத் தரகைச் செலவாகக் கழிக்கலாம், இதைக் கழிக்க முடியாது. மாற்றல்களுக்கு இரண்டு வரி எழுதுகிறேன், ஓரிடத்தில் கழித்தல், இன்னோரிடத்தில் கூட்டல், வாங்கிய தேதியும் விலையும் பழையதே. போனஸ் பூஜ்ய விலையில் தனி வரியாகப் போகும். ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தால் மட்டும் பழைய வரியின் எண்ணிக்கையை மாற்றுகிறேன், அங்கே தேதியும் மொத்தச் செலவும் மாறாது. மாதம் முடிந்ததும் தாளில் உள்ள எண்ணிக்கையையும் டீமேட்டில் உள்ள எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு போனஸோ மாற்றலோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அப்போதே தேடினால் கிடைத்துவிடும்.

மென்பொருளைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது, ஒரு சீசன்தான் பயன்படுத்தினேன். வாலட்டுகள் நிறைய உள்ளவர்களுக்கு அது உதவும் என்றே தோன்றியது. ஆனால் அதற்கும் நாம்தான் தரவு தர வேண்டும், விடுபட்ட வாங்கிய விலையை அது கண்டுபிடித்துத் தராது. தினமும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்பவர்கள் என் எக்செல் யோசனையைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். அது வணிக வருமானம், ஆடிட்டர் இல்லாமல் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

ஒரே புரோக்கர், ஒரே எக்ஸ்சேஞ்ச், வருடத்தில் சில விற்பனைகள் மட்டும் என்றால் ரிப்போர்ட்டே போதும். அப்போதும் அதை மார்ச் 31க்குப் பிறகு இறக்கி, ஏஐஎஸ்ஸோடு ஒப்பிட்டு, பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுங்கள். பழைய பதிவே இல்லாமல் இப்போது தொடங்குபவர்கள் முதலில் மின்னஞ்சலில் கான்ட்ராக்ட் நோட்டையும் ஆர்டர் உறுதிச் செய்தியையும் தேடலாம். அது கிடைக்காவிட்டால் எக்ஸ்சேஞ்சுக்கோ புரோக்கருக்கோ பணம் போன தேதியும் தொகையும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். வாலட் பரிவர்த்தனை என்றால் அதன் நேரமும் எண்ணிக்கையும் பிளாக்செயினிலேயே பதிந்திருக்கும், அந்த நேரத்து ரூபாய் விலையை மட்டும் வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும்.