டிப்ஸ்டிக்கில் ஏறிய எண்ணெய்: மூன்று ஆண்டு வண்டியும் எட்டு மாதப் பலகார எண்ணெயும்

மன்னார்குடியிலிருந்து நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "பலகாரக் கடையில் மிஞ்சும் எண்ணெயை லிட்டர் நாற்பது ரூபாய்க்குத் தருகிறார்கள். வடிகட்டி டீசலில் கலந்து ஓட்டலாமா? நீங்கள் ஓட்டினீர்களாமே?" ஓட்டினேன். அதற்கான பழுதுபார்ப்புப் பணத்தைப் போன மாதம்தான் கட்டி முடித்தேன். அவருக்குச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த சிறிய சரக்கு வண்டி. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து கும்பகோணத்துக்கு வாழைத்தார் ஏற்றிச் சென்று திரும்புகிறேன். நாளொன்றுக்கு எண்பது கிலோமீட்டர், ஐந்து லிட்டர் டீசல். இழுவையிலும் சிக்கனத்திலும் இந்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. என் மைத்துனர் கும்பகோணத்தில் பலகாரக் கடை வைத்திருக்கிறார். அவரிடமிருந்து லிட்டர் 42 ரூபாய்க்குப் பழைய பாமாயிலை வாங்கி, இரண்டு வாரம் டின்னில் தெளியவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, பிறகு நுண்வடிகட்டிப் பையிலும் இறக்கி, பத்துக்கு மூன்று பங்கு வீதம் டீசலில் கலந்தேன். ஈரம் இருக்கிறதா என்று சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். சடசடவென வெடித்தால் அந்த டின்னை ஒதுக்கிவிடுவேன். அக்கறையில் நான் குறை வைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுத்தமாக வடிகட்டினால் போதும் என்பதுதான் ஊரில் எல்லோரும் நம்புகிற செய்தி.

முதல் மூன்று மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை. நான்காம் மாதம் ஒரு காலையில், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தபோது, இன்ஜின் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. ஆயில் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று பழகிய எனக்கு அது நல்ல அறிகுறியாகவே பட்டது. மொத்தக் கேடும் அந்த விரற்கடைக்குள்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் சட்டத் தரப்படி நாற்பது பாகை வெப்பத்தில் டீசலின் பிசுபிசுப்பு 2 முதல் 4.5 வரையான அளவுக்குள் இருக்க வேண்டும். அதே வெப்பத்தில் சமையல் எண்ணெய்க்கு அது 35 அல்லது 40 வரும். நான் கலந்த விகிதத்திலேயே 6 ஐத் தாண்டியிருக்கும். இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் எரிபொருளை 1600 பாருக்கும் மேலான அழுத்தத்தில், தலைமயிர் பருமனுக்குச் சற்றே கூடுதலான துளைகள் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். டீசலின் தன்மைக்கு அளவெடுத்துச் செய்த அந்தத் துளையில் கெட்டியான எண்ணெய் சென்றால், பனிபோல் சிதறாமல் பெரிய துளிகளாக நீண்டு பாய்கிறது. துளியின் நடுப்பகுதி எரிந்து தீருமுன் சிலிண்டர்ச் சுவரில் மோதுகிறது. எரியாத மிச்சம் ஒருபுறம் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படிந்து பீய்ச்சலை இன்னும் கெடுக்கிறது. மறுபுறம் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயில் சேம்பருக்குள் இறங்குகிறது.

இங்கே பி.எஸ். 6 வண்டிக்கே உரிய ஒரு சுழல் சேர்ந்துகொள்கிறது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, அதாவது டி.பி.எஃப், நிறைந்ததும் அதைச் சுட்டெரிப்பதற்காகக் கணினி சிலிண்டருக்குள் காலம் கடந்து கூடுதலாக எரிபொருளைப் பீய்ச்சும் ஏற்பாடு என் வண்டியில் உண்டு. அந்த நேரத்தில் பிஸ்டன் கீழே இறங்கியிருப்பதால் சுவர் நனைகிறது. டீசல் மட்டும் ஓடினாலும் இப்படிக் கொஞ்சம் ஆயிலில் கலக்கத்தான் செய்யும். ஆனால் ஓடும் இன்ஜினின் சூட்டில் அதில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறிவிடும். சமையல் எண்ணெய் ஆவியாவதில்லை. முந்நூறு பாகையைத் தாண்டினால் அது கொதிப்பதற்குப் பதில் சிதைகிறது. சேம்பரோ நூறு பாகையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆக இறங்கியது இறங்கியதுதான். கலப்பெண்ணெய் அரைகுறையாக எரிவதால் கரி கூடி, டி.பி.எஃப் விரைவில் நிறைந்து, சுட்டெரிப்பு அடிக்கடி நடந்து, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் சேம்பருக்குப் போயிற்று. முன்பு வாரம் ஒரு முறை எரிந்த டி.பி.எஃப் மஞ்சள் விளக்கு ஆறாம் மாதத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறை எரிந்தது.

பலகாரக் கடையின் வாணலி விளிம்பில் தேனின் நிறத்தில் ஒரு பசை கெட்டிப்பட்டிருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. சூடும் காற்றும் உலோகமும் சேர்ந்து எண்ணெயின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் உண்டாவது அது. இன்ஜின் சேம்பரில் இம்மூன்றும் இரவு பகலாக இருக்கின்றன. அதிலும் பலமுறை பொரித்த எண்ணெயில் இந்தப் பிணைப்பு ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது. பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுக்கே ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு 2018 இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சேர்மங்களில் ஒரு பங்கு இந்தப் பிசின்தான். வேட்டித் துணியோ நுண்வடிகட்டிப் பையோ, எண்ணெயில் கரைந்திருக்கும் அதைப் பிடிக்காது.

எட்டாம் மாதம், மார்கழி அதிகாலையில், சுமையேற்றக் கிளம்பியபோது ஆயில் அழுத்த விளக்கு அணையவே இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன், அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. தஞ்சாவூர்ப் பட்டறையில் சேம்பரைக் கழற்றியபோது அடியில் பழுப்பு நிறப் பாகு உறைந்திருந்தது. ஆயிலை உறிஞ்சும் வலைக்கண் முக்கால்வாசி அடைந்திருந்தது. மெக்கானிக் அதை விரலால் வழித்துக் காட்டி, "அண்ணே, இது ஆயிலே இல்ல, அல்வா. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா கிராங்க் போயிருக்கும்" என்றார். நான்கு இன்ஜெக்டரும் மாற்றி, ரிங் மாற்றி, டி.பி.எஃப் கழுவி, மொத்தம் 86,000 ரூபாய். இருநூறு நாளில் நான் கலந்தது 300 லிட்டர். லிட்டருக்கு ஐம்பது ரூபாய் வீதம் மிச்சம் பிடித்தது 15,000.

அப்பா வாய்க்கால் கரையில் வைத்திருந்த பழைய ஒற்றைச் சிலிண்டர் ஆயில் இன்ஜின் கடலை எண்ணெயிலும் ஓடியதே என்று நண்பர் கேட்டார். உண்மைதான். 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. ஆனால் அப்பாவின் இன்ஜினில் பீய்ச்சும் அழுத்தம் இன்றையதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், டி.பி.எஃப் கிடையாது, நீர் இறைக்கும்போது ஒரே சுமையில் நின்று சூடாக ஓடும். அப்படியும் அவர் ஆண்டுதோறும் நாசிலைக் கழற்றிக் கரி சுரண்டுவார். எண்ணெயைச் சூடேற்றும் கருவி பொருத்தலாம் என்பதும் தீர்வாகவில்லை: எழுபது எண்பது பாகைக்குச் சூடேற்றினாலும் அது டீசலைவிடக் கெட்டியாகவே இருக்கும், ஆவியாகாத குணமும் மாறாது. மெத்தனாலும் காரமும் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்த பயோடீசல் வேறு பொருள். அதன் பிசுபிசுப்பு டீசலை நெருங்கிவிடுகிறது. அதிலும் வண்டியின் கையேடு அனுமதிக்கும் அளவு சிறியது. மைத்துனரின் எண்ணெய் இப்போது பயோடீசல் ஆலைக்காகச் சேகரிப்பவரிடம் போகிறது.

யாராவது ஏற்கெனவே கலந்து ஓட்டுகிறீர்கள் என்றால், இன்றே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால், அல்லது துணியால் துடைத்த பிறகும் கம்பியில் பசை ஒட்டினால், அடுத்த சுமைக்குமுன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். டேங்கைக் காலி செய்து டீசல் மட்டும் நிரப்புங்கள்.

மூன்று ஆண்டில் இந்த வண்டி தன் பங்குக்கு என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை, இப்போதும் நன்றாக இழுக்கிறது. ஆனாலும் காலையில் சாவியைத் திருப்பும்போதெல்லாம் அந்த அழுத்த விளக்கு அணைகிறதா என்றுதான் கண் போகிறது, பேரிங்குகளில் என்ன தேய்ந்திருக்கிறதோ என்ற நினைப்பும் போகவில்லை. தை மாதம் விற்றுவிடப் போகிறேன். வாங்குகிறவரிடம் எட்டு மாதம் எண்ணெய் கலந்து ஓடியதைச் சொல்லி, பட்டறை ரசீதையும் கையில் கொடுத்துத்தான் விலை பேசுவேன்.