பார்ட்டிஷனைத் தவறாகச் சுருக்கியபின் மீட்பது: டெஸ்ட்டிஸ்க்கா, ஃபோட்டோரெக்கா?

ஒரு டெராபைட் வட்டில் 600 ஜிபி அளவிலிருந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை லினக்ஸிலிருந்து fdisk வழியாக 400 ஜிபியாகக் குறைத்தேன். உள்ளிருக்கும் கோப்பு முறைமையை முதலில் ntfsresize கொண்டு சுருக்கியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் பார்ட்டிஷன் அட்டவணையில் பதிவான எல்லையை மட்டும் மாற்றிவிட்டேன். விண்டோஸ் அதை RAW என்று காட்டி, ஃபார்மட் செய்யச் சொன்னது. நான் செய்யவில்லை.

மீட்க டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டும் இலவசம், ஒரே தொகுப்பில் கிடைப்பவை. எதைத் தொடங்கும் முன்பும் வேறொரு பெரிய வட்டில் முழுப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியிலேயே வேலை செய்ய வேண்டும்.

```
ddrescue -d /dev/sdb disk.img disk.map
testdisk disk.img
```

என் தேர்வு டெஸ்ட்டிஸ்க். காரணம் ஒன்றே: கோப்புப் பெயர்களும் கோப்புறை அமைப்பும் அதில் பிழைக்கின்றன. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் முதல் செக்டரில் அதன் மொத்த நீளமும், கோப்புகளின் பட்டியலான $MFT தொடங்கும் இடமும் எழுதப்பட்டிருக்கும். அட்டவணையை மாற்றியதால் இவை அழியவில்லை. ஆகவே Analyse, Quick Search இரண்டையும் இயக்கியதும் பழைய 600 ஜிபி எல்லை அப்படியே கண்டறியப்பட்டது. அந்த வரியில் P அழுத்தினால் கோப்புகள் பெயருடன் தெரியும். a அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பிறகு C அழுத்தினால் வேறு வட்டுக்கு நகலாகும். நகலெடுத்தவற்றில் பெரிய கோப்புகள் சிலவற்றைத் திறந்து சரிபார்த்த பின்னரே, அசல் வட்டில் Write கொடுத்து அட்டவணையைத் திருத்தினேன்.

ஃபோட்டோரெக் அட்டவணையையும் கோப்புப் பட்டியலையும் பொருட்படுத்துவதில்லை. கோப்பு வகைகளுக்குரிய தொடக்க அடையாளங்களைத் தேடி எடுக்கிறது. அதனால் recup_dir.1 போன்ற கோப்புறைகளில் செக்டர் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புகள் குவிகின்றன. ஆயிரக்கணக்கான ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெயரிடுவதற்கு ஆகும் நாள்களே எனக்கு முடிவைச் சொல்லிவிட்டன. வட்டில் துண்டு துண்டாகச் சிதறியுள்ள பெரிய வீடியோக்களும் பெரும்பாலும் முழுமையாக வருவதில்லை.

எனினும், பார்ட்டிஷனை இடப்புறம் விரிவாக்கும்போது மென்பொருள் தரவையே நகர்த்தும். அது பாதியில் மின்தடையால் நின்றால் நிலைமை வேறு. அப்போது பட்டியலில் பெயர்கள் சரியாகத் தெரிந்தாலும், அவை சுட்டும் இடத்தில் வேறு தரவு இருக்கக்கூடும். சிறிய கோப்புகள் திறந்து, பெரியவை கெட்டுப்போயிருப்பது அதற்கான அறிகுறி. அந்த நிலையில் முழுமையாக எழுதப்பட்ட ஒளிப்படங்களையேனும் பெற ஃபோட்டோரெக்கையே நாட வேண்டியிருக்கும். இத்தகைய வட்டு ஒன்றை மட்டுமே நான் கையாண்டிருப்பதால், எவ்வளவு கிடைக்கும் என்று உறுதியளிக்க இயலாது. குறைத்த இடத்தில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கி எழுதத் தொடங்கியிருந்தால், அதன்மேல் எழுதப்பட்ட பகுதியை இரண்டு கருவிகளாலும் மீட்க முடியாது.