பம்பர் உடைந்தால் கிளெய்மா, கைக்காசா?

பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் கார் பம்பர் போனது, பில் 9,000. இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டால் கட்டாயப் பிடித்தம் 1,000 போக 8,000 வரும், அதுவும் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் இருந்தால்தான். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்குக்குப் பாதி விலைதான். ஆனால் கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் 50% தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 என்றால், இதுவரை 5,000 கட்டியவர் அடுத்த புதுப்பிப்பில் முழுசாகக் கட்டணும் (மூன்றாம் நபர் பிரீமியத்தில் போனஸே கிடையாது). அப்புறம் போனஸ் வருஷா வருஷம் 20, 25, 35, 45% என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடுவதற்குள் கூடுதலாக 12,500 போகும்.

கைக்காசு போட்டால் 9,000-தான். நான் அதைத்தான் செய்தேன். இதே பில் 40,000 என்றால் யோசிக்காமல் கிளெய்ம்தான்.